தேதி ஒட்டியும் பழைய கிரேவி பின்னால் கிடக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கும்பகோணத்தில் ஒரு சைவ ஹோட்டலில் ஸ்டோரையும் ஃபிரிட்ஜையும் பார்த்துக்கொள்வது என் வேலை. இரவு 10 மணிக்கு மேல் மிச்சத்தை எடுத்து வைப்பது ஒரு ஆள். காலை 5 மணிக்குக் கதவைத் திறந்து எடுப்பது வேறு ஆள். இருவரும் வாரத்தில் ஒரு நாள் நேரில் பார்த்துக்கொண்டால் அதிகம். இரவு ஆளுக்குத் தெரிந்தது காலை ஆளுக்குத் தெரிய வேண்டுமானால், டப்பாவின் மேல் ஒட்டிய அந்தத் துண்டுக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் செய்தது முதலில் வெளியேற வேண்டும் என்பது சமையலறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின் நான்காம் அட்டவணையும் அதைத்தான் கேட்கிறது. ஒப்புக்கொண்ட பிறகும், லேபிள் வாங்கிக் கொடுத்த பிறகும், ஏன் பழைய டப்பா மூலையில் கிடக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. உங்கள் சமையலறையில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். சமைத்து வைக்கும் பொருட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: கிரேவி, வேகவைத்த பருப்பு, உருளைக்கிழங்கு, அரைத்த விழுது, தொக்கு, மாவு போன்றவை. மளிகை மூட்டைகளின் கதை வேறு.

எங்கள் லேபிள் இப்படி இருக்கும்:

வெங்காயத் தக்காளி கிரேவி
செய்தது: திங்கள் 9, மாலை 4
கடைசி: புதன் 11, இரவு
வைத்தவர்: மு

நான்கே வரிகள். செய்த நாளை முதல் நாளாக எண்ணுகிறோம். கிரேவிக்கு மூன்று நாள், வேகவைத்த பருப்புக்கும் உருளைக்கிழங்குக்கும் இரண்டு நாள், தேங்காய் அரைத்து ஊற்றியது எதுவானாலும் அன்றோடு சரி. நம்ம ஊர்க் கடப்பாவும் அதில் அடக்கம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்தது, மறுநாளுக்குத் தாங்காது. அமெரிக்க உணவு விதித் தொகுப்பு 5 டிகிரி செல்சியஸுக்குள் வைத்த சமைத்த உணவுக்கு, செய்த நாளையும் சேர்த்து அதிகபட்சம் 7 நாள் என்கிறது. அது கதவு அடிக்கடி திறக்காத, மின்சாரம் நிற்காத குளிர் அறைக்குப் பொருந்தும். கும்பகோணத்து மே மாதத்தில், சாப்பாட்டு நேரத்தில் நிமிடத்துக்கு இரண்டு முறை திறக்கிற ஃபிரிட்ஜுக்கு மூன்று நாளே போதும் என்று நாங்கள் முடிவு செய்தோம். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் அது எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், ஒவ்வொருவர் மனதில் ஒவ்வொன்றாக இருக்கக் கூடாது.

அறிகுறி 1: லேபிள் கீழே விழுந்து கிடக்கிறது, அல்லது எழுத்து கலைந்திருக்கிறது

காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் அடித்தட்டில் ஈரமாகச் சுருண்டு நாலைந்து லேபிள் கிடக்கும். எது எந்த டப்பாவுடையது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் பசையைக் குறை சொல்வார்கள். ஒட்டும்போது டப்பா எப்படி இருந்தது என்று முதலில் பாருங்கள். கழுவி எடுத்த எவர்சில்வர் டப்பாவைத் துடைக்காமல் ஒட்டினால் நிற்காது. சூடான கிரேவியை ஊற்றி மூடி உள்ளே வைத்தால் வெளிப்புறம் வேர்த்துக் கொட்டும், அப்போதும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சமையலறைச் சுவரே வேர்க்கிற ஊர் இது.

எங்களுக்குக் கைகொடுத்தது சாதாரணக் காகித மாஸ்கிங் டேப். முக்கால் அங்குல டேப்பை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, மேசை மேல் வைத்து எழுதி முடித்து, அப்புறம் காய்ந்த துணியால் துடைத்த இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டு எழுதினால், வளைந்த டப்பாவில் எழுத்து கோணும், அவசரத்தில் நாளை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பால்பாயிண்ட் பேனா எண்ணெய்க் கைபட்ட காகிதத்தில் பிடிக்காது. அழியாத மை மார்க்கர் வேண்டும், அதை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் நூல் கட்டித் தொங்கவிட வேண்டும். மார்க்கர் கணக்கர் மேசையில் இருந்தால், இரவு 10:30 மணிக்கு அதைத் தேடிப்போக யாருக்கும் கால் வராது.

மூடியில் ஒட்டாதீர்கள். மூடிகள் மாறும். ஒரே அளவு டப்பா பத்து இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் பரிமாறிவிட்டு மூடும்போது திங்கட்கிழமை மூடி புதன்கிழமை டப்பாவுக்குப் போய்விடும். லேபிள் உடம்பில், கதவைத் திறந்தவுடன் கண்ணுக்கு நேராகத் தெரியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறி 2: லேபிள் சரியாக இருக்கிறது, ஆனால் முன்னால் இருப்பதையே எடுக்கிறார்கள்

இதற்கு ஆட்களைத் திட்டிப் பயனில்லை. ஃபிரிட்ஜ் தட்டு ஆழமானது. புதிதாகச் செய்ததைப் பின்னால் வைக்க வேண்டுமானால் முன்னால் இருக்கும் ஆறு டப்பாக்களையும் வெளியே எடுத்து, புதியதை உள்ளே தள்ளி, மறுபடி அடுக்க வேண்டும். பதினாலு மணி நேரம் நின்ற கால்களோடு இரவில் அதை ஒருவர் தினமும் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு நாள் செய்வார், மூன்றாம் நாள் முன்னாலேயே வைத்துவிடுவார். அன்றிலிருந்து பழையது பின்னால்தான்.

முன்-பின் வரிசையை விட்டுவிட்டு நாங்கள் இடம்-வலமாக மாற்றிக்கொண்டோம். ஒரு தட்டில் ஒரே பொருள். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. எடுப்பவர் எப்போதும் இடது ஓரத்திலிருந்து எடுப்பார், வைப்பவர் எப்போதும் வலது ஓரத்தில் வைப்பார். இடது ஓரம் காலியாகும்போது மீதியை இடப்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினால் போதும். எதையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. தட்டின் விளிம்பில் இடப்பக்கம் ஒரு சிவப்பு டேப், வலப்பக்கம் ஒரு பச்சை டேப். தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத் தம்பிகளுக்கும் இது முதல் நாளே பழகிவிட்டது.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. டப்பா சிறியதாக இருக்க வேண்டும். பத்து லிட்டர் அண்டாவில் வைத்தால் தட்டில் இடமும் இல்லை, வலமும் இல்லை. இரண்டு லிட்டர் டப்பாவில் பிரித்தால் பத்து லிட்டர் கிரேவி ஐந்து டப்பாவாகிறது. ஒரு டப்பாவைத் திறந்தால் அது தீரும்வரை அடுத்ததைத் தொட வேண்டியதில்லை. கரண்டி பட்ட டப்பா எப்போதும் ஒன்றுதான்.

அறிகுறி 3: எல்லா டப்பாவிலும் புதிய தேதிதான் இருக்கிறது, பழையதே இல்லை

ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு இது மகிழ்ச்சியான காட்சி. எனக்கு இதுதான் பெரிய பயம். தினமும் சமைத்து, தினமும் கொஞ்சம் மீந்து, ஆனால் நேற்றைய தேதியில் ஒரு டப்பாகூட இல்லையென்றால், நேற்றையது எங்கோ போயிருக்கிறது. பெரும்பாலும் இன்றையதற்குள்தான் போயிருக்கும்.

எங்கள் சமையலறையில் நடந்ததையே சொல்கிறேன். அப்போது நாங்கள் இன்னும் பெரிய பாத்திரத்தில் வைத்துக்கொண்டிருந்த காலம். திங்கட்கிழமை மாலை 10 லிட்டர் வெங்காயத் தக்காளி கிரேவி செய்தோம். செவ்வாய் இரவு அதில் 2 லிட்டர் மிச்சம். அன்று புதிதாக 8 லிட்டர் செய்திருந்தார்கள். ஃபிரிட்ஜில் இரண்டு பாத்திரத்துக்கு இடமில்லை என்று அந்த 2 லிட்டரைப் புதியதில் ஊற்றினார்கள். பாத்திரத்தின் மேல் செவ்வாய் லேபிள், கடைசி நாள் வியாழன். புதன் இரவு மறுபடி 2 லிட்டர் மீந்தது, அதைப் புதன்கிழமை செய்த 8 லிட்டரில் ஊற்றினார்கள். லேபிள் புதன் ஆயிற்று, கடைசி நாள் வெள்ளி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செவ்வாய்ப் பாத்திரத்தில் ஐந்தில் ஒரு பங்கு திங்கட்கிழமையுடையது. புதன் பாத்திரத்துக்குப் போன 2 லிட்டரிலும் அதே ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 400 மில்லி திங்கட்கிழமைக் கிரேவி. வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பாத்திரத்தைத் திறக்கும்போது அந்த 400 மில்லிக்கு ஐந்தாவது நாள். புதன் இரவோடு முடிந்திருக்க வேண்டியது அது. லேபிள் மட்டும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பத்து லிட்டரில் 400 மில்லி என்ன பெரிய அளவா என்று மாஸ்டர் கேட்டார். ஒரு குடம் பாலைத் தயிராக்க எவ்வளவு உறைமோர் ஊற்றுவீர்கள், அண்ணே, என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பழையதில் பெருகியிருக்கும் கிருமி புதியதற்கு உறை ஊற்றியது போலத்தான். எவ்வளவு ஊற்றினோம் என்பதைவிட, எத்தனை நாள் வளர்ந்ததை ஊற்றினோம் என்பது முக்கியம்.

நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமே என்பது அடுத்த கேள்வி. கொதிக்க வைத்தால் உயிருள்ள கிருமிகள் பெரும்பாலும் சாகும். ஆனால் சோறு, பருப்பு, கிழங்கு போன்ற மாவுச்சத்துப் பொருட்களில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விட்டுச்செல்லும் வாந்தி நஞ்சு கொதியிலும் அழியாது. அதன் வித்துகளும் கொதிநீரைத் தாங்கும். அதனால் சூடு பண்ணினால் தேதி மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக் கலப்பது உங்களிடம் நடக்கிறதா என்று கண்டுபிடிக்க மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலாவது, டப்பாவின் உட்சுவர். விளக்கைப் போட்டு, மூடியைத் திறந்து, பக்கவாட்டில் பாருங்கள். ஒரே தடவை ஊற்றியது என்றால் கிரேவி மட்டத்துக்கு மேலே சுவர் சுத்தமாக இருக்கும், அல்லது ஒரே ஒரு கோடு இருக்கும். பாதி எடுத்துவிட்டு மேலே மறுபடி ஊற்றியது என்றால், காவிரியில் வெள்ளம் வடிந்த பிறகு படித்துறையில் தெரிகிற கோடுகள் மாதிரி, இரண்டு மூன்று வளையங்கள் காய்ந்து ஒட்டியிருக்கும். மேல் வளையம் கறுத்து, விரலால் தேய்த்தால் பொருக்காக உதிரும்.

இரண்டாவது, லேபிள். விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்புங்கள். அடியில் இன்னொரு லேபிள் இருந்தால், அந்த டப்பா கழுவப்படவில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. திங்கட்கிழமை ஐந்து டப்பா உள்ளே போனது என்று நோட்டில் இருக்கிறது. நான்கு காலியாகி வந்தன என்றால் ஐந்தாவது எங்கே? தட்டிலும் இல்லை, குப்பையிலும் இல்லை என்றால் அது கலந்துவிட்டது.

சரிசெய்வதற்கு நாங்கள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: லேபிளைக் கிழிக்கும் இடம் பாத்திரம் கழுவும் தொட்டி மட்டும். டப்பா காலியாகித் தொட்டிக்கு வந்த பிறகுதான் பழைய லேபிள் போகும், கழுவித் துடைத்த டப்பாவில்தான் புதிய லேபிள் ஏறும். இந்த ஒரு சட்டம் இருந்தால் பாதி டப்பாவில் புதியதை ஊற்ற வழியே இல்லாமல் போகிறது, ஏனென்றால் புதிய லேபிள் ஒட்ட இடம் கிடைக்காது.

இடம் இல்லாமல் கலந்தே ஆக வேண்டிய நாள் வரும். கல்யாண ஆர்டர் இருக்கும் ஆவணியிலும் தையிலும் ஃபிரிட்ஜ் நிறைந்து வழியும். அப்போது இரண்டு டப்பாவையும் சேர்க்கலாம், ஆனால் பழைய தேதிதான் நிற்க வேண்டும். திங்களும் செவ்வாயும் சேர்ந்தால் அது திங்கள். எட்டு லிட்டர் செவ்வாயாக இருந்தாலும் திங்கள்தான். இப்படிச் சொன்னால் புதிய எட்டு லிட்டரும் புதனோடு முடிகிறதே என்று மாஸ்டருக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலே அடுத்த முறை கலக்காமல் காப்பாற்றும்.

பொருள் பெயர் மாறினாலும் இதே கணக்குதான். திங்கட்கிழமை வேகவைத்த உருளைக்கிழங்கைச் செவ்வாய் காலை மசாலாவாக்கினால், தோசைக்குள் போகும் அந்த மசாலாவுக்குத் திங்கட்கிழமைத் தேதிதான். பிரீசருக்குள் வைத்தால் கடிகாரம் நிற்கும், பின்னோக்கிப் போகாது. கிரேவி ஒரு நாள் ஃபிரிட்ஜில் இருந்துவிட்டுப் பிரீசருக்குப் போனால், பத்து நாள் கழித்து ஃபிரிட்ஜுக்கு இறக்கும்போது மிச்சம் இருப்பது இரண்டு நாள். அதனால் பிரீசர் லேபிளில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டு வரி கூடுதலாக எழுதுகிறோம்.

அறிகுறி 4: ஒரே தேதியை ஆளுக்கு ஒரு மாதிரி படிக்கிறார்கள்

ஒரு நாள் காலை, டப்பாவில் வெறும் ‘12’ என்று எழுதியிருந்தது. எடுத்த தம்பி அன்றைக்குத் தேதி 28 என்பதால் பதினாறு நாள் பழையது என்று கொட்டப் போனான். எழுதியவர் வயதான மாவு மாஸ்டர். அவர் தினசரி காலண்டரைப் பார்த்துத் தமிழ்த் தேதி எழுதியிருக்கிறார். தமிழ் மாதம் ஆங்கில மாதத்தின் நடுவில் பிறக்கிறது, அதனால் இரண்டு எண்களும் எப்போதும் ஏறக்குறைய அரை மாதம் தள்ளியே இருக்கும்.

அதிலிருந்து கிழமையை முதலில், ஆங்கிலத் தேதி எண்ணை அடுத்து எழுதுகிறோம். ‘திங்கள் 9’ என்றால் தமிழ்த் தேதிக் குழப்பம் வந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த குழப்பம் அதைவிட ஆழமானது: எழுதியிருப்பது செய்த நாளா, முடியும் நாளா? எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு பையன் முன்பு இனிப்புக் கடையில் வேலை பார்த்தவன். அவன் எந்தத் தேதியைப் பார்த்தாலும் கடைசி நாள் என்றே எடுத்துக்கொண்டான். அவன் மேல் தப்பில்லை. சில்லறையாக விற்கும் இனிப்புத் தட்டுக்கு முன்னால் எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்ற தேதியைக் கட்டாயம் காட்ட வேண்டும், செய்த தேதியைக் காட்டுவது கடைக்காரர் விருப்பம் என்று 2020 அக்டோபர் 1 அன்று ஒரு விதி வந்தது. அந்தப் பழக்கம் அவனுக்கு. எங்கள் மாஸ்டருக்கோ தேதி என்றால் செய்த நாள். அதனால்தான் ‘செய்தது’, ‘கடைசி’ என்ற இரண்டு சொற்களையும் எழுதியே ஆக வேண்டும் என்கிறேன். எண்ணை மட்டும் எழுதிய லேபிளை நாங்கள் லேபிளாகவே கணக்கில் எடுப்பதில்லை.

கிழமைக்கு ஒரு நிறம் என்று வட்ட ஸ்டிக்கர்கள் விற்கிறார்கள். திங்கள் நீலம், செவ்வாய் மஞ்சள், புதன் சிவப்பு, வியாழன் பழுப்பு, வெள்ளி பச்சை, சனி ஆரஞ்சு, ஞாயிறு கறுப்பு என்பது பரவலாக இருக்கும் வரிசை. எழுத்துப் படிக்க முடியாதவர்களுக்கு இது நல்ல உதவி. ஆனால் நிறத்துக்கு வாரக் கணக்கு தெரியாது. போன செவ்வாயும் இந்தச் செவ்வாயும் ஒரே மஞ்சள்தான். ஸ்டிக்கரோடு தேதி எண்ணும் இருந்தால்தான் அது முழுமை.

நள்ளிரவு தாண்டும் சமையலுக்கும் ஒரு தீர்மானம் வேண்டும். முகூர்த்தத்துக்கு இரவு முழுக்க அடுப்பு எரியும் நாளில் 11:30க்கு இறக்கிய பருப்புக்கும் 1 மணிக்கு இறக்கிய பருப்புக்கும் வேறு வேறு தேதி வந்தால் குழம்பிப்போகும். அந்த இரவில் இறக்கியது எல்லாம் முந்தைய நாள் தேதியில் என்று வைத்துவிட்டோம். தப்பு நடந்தாலும் சீக்கிரம் தீர்க்கிற பக்கமாகவே நடக்கும்.

மேசையில் வெளியே நிற்கும் தேங்காய்ச் சட்னிக்குத் தேதி எழுதி என்ன பயன்? அதற்கு மணி எழுத வேண்டும். அரைத்த நேரத்தை வாளியில் எழுதுகிறோம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனதை எடுத்துவிடுகிறோம். கொஞ்சமாக, அடிக்கடி அரைப்பதுதான் வழி.

அறிகுறி 5: தேதிக்குள்ளேயே புளித்துவிடுகிறது

லேபிள் சரி, கலக்கவும் இல்லை, வரிசையும் சரி. ஆனாலும் இரண்டாம் நாளே கிரேவியில் சின்னச் சின்னக் குமிழி, மூடியைத் திறந்தால் லேசாகப் புஸ்ஸென்று காற்று. இப்போது தப்பு லேபிளில் இல்லை. நீங்கள் வைத்த மூன்று நாளைத் தாங்கும் குளிர் அதற்குக் கிடைக்கவில்லை.

முதல் சோதனை ஃபிரிட்ஜுக்கு. முகப்பில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு தம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் இரவு வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் அதற்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதே தம்ளரை மதியச் சாப்பாடு முடிந்து 3 மணிக்கு மறுபடி பாருங்கள். காலையில் 4, மதியம் 9 என்று வந்தால் கதவு திறந்தபடி நிற்கிறது, அல்லது ரப்பர் பட்டை இறுகப் பிடிக்கவில்லை. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் பட்டையை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஆற வைத்த விதம். சமைத்ததை 60 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். டெல்டாவில் இதன் முதல் பாதிதான் சிக்கல். சித்திரை, வைகாசியில் சமையலறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும். மேசையில் வைத்து ஆற்றினால் 35க்குக் கீழே போக வழியில்லை. தொட்டித் தண்ணீரில் பாத்திரத்தை வைத்தாலும், தண்ணீர் எவ்வளவு சூடோ அதற்குக் கீழே போகாது. ஐஸ் போட்டால்தான் 21ஐத் தொடும். கிரேவியை ஆழமான அண்டாவிலிருந்து அகலத் தட்டில், இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறுகிறோம். ஆறிய பிறகுதான் டப்பா, மூடி, லேபிள். லேபிளில் ‘செய்தது’ என்று எழுதும் நேரம் அடுப்பிலிருந்து இறக்கிய நேரம்தான். ஃபிரிட்ஜுக்குள் வைத்த நேரத்தை எழுதினால், வெளியே கிடந்த மூன்று மணி நேரம் காகிதத்திலிருந்தே மறைந்துவிடும்.

மூன்றாவது, மின்தடை. மாதப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிறுத்தும் நாள் முன்பே தெரிந்துவிடும். மூடிய கதவு ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும், அதற்கு மேல் தேதியில் எழுதியிருப்பது பொய். ஜெனரேட்டர் ஃபிரிட்ஜை இழுக்காது என்றால், அந்த நாளுக்கு முந்தைய இரவே ‘கடைசி’ வரும்படி சமையல் அளவைக் குறைத்துவிடுகிறோம்.

அறிகுறி 6: எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ஆனாலும் தினமும் கொட்டுகிறோம்

பழையது முதலில் போகிறது, கலப்பு இல்லை, புளிப்பு இல்லை. இருந்தும் கடைசி நாள் இரவில் இரண்டு டப்பா குப்பைக்குப் போகிறது என்றால் லேபிள் தன் வேலையைச் செய்துவிட்டது. அது சொல்வதைக் கேட்க வேண்டியது நீங்கள்.

கொட்டும் டப்பாவின் லேபிளைக் கிழித்துத் தூக்கிப்போடாமல் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒட்டச் சொன்னேன். பக்கத்தில் எவ்வளவு கொட்டினோம் என்று மட்டும் எழுத வேண்டும். காரணம் எழுதச் சொல்லவில்லை, சொன்னால் யாரும் ஒட்ட மாட்டார்கள். மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் ‘உருளைக்கிழங்கு, செய்தது: புதன்’ என்ற லேபிள் மூன்று வியாழக்கிழமையும் இருந்தது. ஒவ்வொரு முறையும் மூன்று கிலோவுக்குக் குறையாமல். புதன்கிழமை மாலை பூரிக்காக எட்டு கிலோ வேகவைக்கும் பழக்கம் எப்போதோ வந்தது, அதை யாரும் மாற்றவில்லை. இப்போது புதன்கிழமை ஐந்து கிலோ வேகவைக்கிறோம். பத்தவில்லை என்றால் வியாழன் காலை குக்கரில் ஒரு கிலோ கூடுதலாக ஏற்றிக்கொள்கிறோம், அதற்கு வியாழன் லேபிள்.